எடுத்து வைத்த சீட்டு யாருடையது?

வாசகர் கடிதம்

ஐயா, நான் கே.வி.குப்பம் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியை. ஓய்வு நேரத்தில் சிறுகதைகள் எழுதுகிறேன். இப்போது எழுதும் கதையில், வேலூர்–குடியாத்தம் தனியார் பேருந்தின் நடத்துனர் பயணிகளுக்கு லாட்டரிச் சீட்டும் விற்கிறார். தினமும் லத்தேரியில் ஏறும் நெசவு மேஸ்திரி ஒருவர் அவருடைய வாடிக்கையாளர். ஒருநாள் மேஸ்திரி, "கனவுல 4172-னு ஒரு நம்பர் வந்துச்சுப்பா. அதுல முடியற சீட்டு வந்தா எனக்கு எடுத்து வெச்சுடு, காசு அப்புறம் தரேன்" என்கிறார். நடத்துனர் "சரி மேஸ்திரி" என்று சொல்லி, மறுநாள் வேலூர்க் கடையில் அப்படி ஒரு சீட்டைக் கண்டுபிடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். அன்றும் அடுத்த நாளும் மேஸ்திரி காய்ச்சலில் வரவில்லை. அந்தச் சீட்டுக்கு 10 லட்சம் விழுகிறது. காசு வாங்காததால் சீட்டு சட்டப்படி நடத்துனருடையதுதான் என்றாலும், மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு அவர் அதை மேஸ்திரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கதை 2006-ல் நடக்கிறது. "வழக்குப் போட்டிருந்தால் நீதிபதி பாதிப் பாதி பிரித்திருப்பார், அதுதான் நல்ல முடிவு" என்கிறார் என் தோழி. யார் சொல்வது சரி? பத்திரிகைக்கு அனுப்புமுன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கதைக்குச் சட்டம் காவல் நிற்க வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கதையின் முடிவு முழுவதும் "சீட்டு அவருடையதுதான், இருந்தும் கொடுத்தார்" என்ற ஒரே வாக்கியத்தின் மீது நிற்கிறது. அந்த வாக்கியம் தவறானால் நடத்துனரின் செயல் தியாகமாக இருக்காது; பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையாகிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை அப்படியே வைத்துப் பார்த்தால், கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்து அந்த வாக்கியம் சரியாகவும் தவறாகவும் மாறுகிறது. உங்கள் தோழி சொல்லும் முடிவு எந்த ஆண்டிலும் பொருந்தாது.

ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பரிசுச் சீட்டு 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லக்கூடும். பின்னாளில் வெளிமாநிலச் சீட்டுகளும் பேருந்து நிலையங்களில் கொடி கட்டித் தொங்கின. நாடாளுமன்றம் இயற்றிய 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தடை செய்யலாம் என்று 5-ஆம் பிரிவில் அனுமதித்தது. அந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. ஆனால் தன் சொந்தச் சீட்டையும் விற்காத மாநிலமே அப்படித் தடை செய்யலாம் என்று ஒரு நிபந்தனையையும் வைத்தது. 2003 ஜனவரியில் தமிழக அரசு, தன்னுடைய சீட்டு உட்பட எல்லா லாட்டரி விற்பனையையும் மாநிலத்தில் நிறுத்தியது. ஆகவே 2006-ல் வேலூர்க் கடையில் சீட்டு தொங்க வாய்ப்பில்லை. பேருந்தில் வெளிப்படையாக விற்பதும் நடக்காது.

மறைவாக விற்றார் என்று நீங்கள் எழுதலாம், அப்படி நடந்ததுண்டு. அப்போது கதை வேறு கதையாகிவிடும். தடையை மீறிய விற்பனைக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அது காவல்துறை நேரடியாகக் கைது செய்யக்கூடிய, பிணை உரிமையாகக் கிடைக்காத குற்றம். விற்றவரோடு வாங்கியவரும் அதில் சிக்கக்கூடும். இன்னொரு விளைவும் உண்டு. சட்டத்துக்குப் புறம்பான நோக்கத்தைக் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. தடை செய்யப்பட்ட விற்பனையை அடிப்படையாகக் காட்டி "என் சீட்டைக் கொடு" என்று மேஸ்திரி வழக்குத் தொடுத்தால், இருவரும் ஒரே குற்றத்தில் பங்காளிகள் என்பதால் நீதிமன்றம் எவருக்கும் கை கொடுக்காது. யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவர் கையிலேயே அது நின்றுவிடும். நடத்துனர் சீட்டை வைத்துக்கொண்டாலும் மேஸ்திரிக்கு நீதிமன்ற வாசல் திறக்காது.

ஆகவே 2006-ல், அல்லது 2003 ஜனவரிக்குப் பின் எந்த ஆண்டில் கதை நடந்தாலும், நடத்துனரை எவராலும் கட்டாயப்படுத்த முடியாது என்ற உங்கள் உள்ளுணர்வு ஏறக்குறைய சரியானதே. அதற்கான காரணம் மட்டும் வேறு. காசு வாங்காததால் சீட்டு அவருடையது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில், விற்பனையே குற்றமாக இருப்பதால் மேஸ்திரிக்கு வழியில்லாமல் போகிறது. அந்தச் சூழலில் அவர் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது மனசாட்சியின் செயல்தான். கொடுக்கப் போகும்போது அவர் தன் குற்றத்துக்கான சாட்சியத்தையும் கையோடு எடுத்துச் செல்கிறார் என்பது கதைக்கு வலுவூட்டக்கூடும்.

வெளிச்சத்தில் விற்கும் நடத்துனரும், கடையில் தொங்கும் சீட்டும், பேருந்தில் சிரித்துப் பேசும் பயணிகளும்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் கதையை 2002-க்குள் கொண்டுவாருங்கள். 1995 என்று வைத்தால் பெயர்ப் பலகைகளில் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆனால் அந்த ஆண்டுகளுக்குள் போனவுடன் "சீட்டு நடத்துனருடையதுதான்" என்ற வாக்கியம் ஆட்டம் காணத் தொடங்குகிறது.

காசு கொடுக்காததால் சீட்டு கைமாறவில்லையா?

விலை கொடுத்த பிறகுதான் பொருள் வாங்குபவருக்குச் சொந்தமாகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு பொருளை விற்கவும் வாங்கவும் இருவரும் ஒத்துக்கொண்டால், பணம் பிறகு தருவதாக இருந்தாலும் உரிமை அப்போதே மாறலாம். மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கிய அரிசி, மாதக் கடைசியில் பணம் கட்டும்வரை கடைக்காரருடைய அரிசியாக இருப்பதில்லை அல்லவா?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மேஸ்திரி கேட்டபோது அந்தச் சீட்டு எது என்று எவருக்கும் தெரியாது. அச்சடித்த லாட்டரிச் சீட்டில் வாங்குபவர் எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது; தொடர் எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் அச்சிலேயே வந்துவிடும். ஆறு இலக்கங்களில் கடைசி நான்கு 4172 என்று அமையும் சீட்டுகள், ஒரு தொடரில் பத்து லட்சம் எண்கள் இருந்தால், 100 இருக்கும். பல தொடர்கள் அச்சிட்டால் அதன் மடங்காகும். முதல் பரிசு முழு எண்ணுக்கும் தொடருக்குமே உரியது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் பொருந்தினால் சிறு பரிசுதான். எனவே மேஸ்திரியின் கனவு நான்கு இலக்கத்தைக் கொடுத்தது. அந்த நூற்றில் எது என்பதை நடத்துனரின் கை தீர்மானித்தது. உங்கள் கதையில் இந்த இடம் இரண்டு வரியில் கடந்து போகிறது. கடையில் தொங்கும் கட்டுகளை அவர் புரட்டிப் பார்க்கும் அந்த நிமிடத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

சட்டமும் அந்த நிமிடத்தையே பார்க்கிறது. இன்னது என்று தெரியாத பொருளில் உரிமை மாறாது என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. விவரித்த வகையைச் சேர்ந்த ஒரு பொருளை விற்பவர் நிபந்தனையின்றிப் பிரித்து இந்த ஒப்பந்தத்துக்கென்று ஒதுக்கி, வாங்குபவரும் அதற்கு இசைந்திருந்தால், அந்த நொடியில் உரிமை மாறுகிறது என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இசைவு முன்கூட்டியே தரப்பட்டதாகவும் இருக்கலாம். "அதுல முடியற சீட்டு வந்தா எனக்கு எடுத்து வெச்சுடு" என்பதைவிடத் தெளிவான முன்கூட்டிய இசைவு வேண்டியதில்லை. விற்பனைக் கட்டிலிருந்து சீட்டைப் பிரித்துத் தன் சட்டைப்பையில் வைத்தது ஒதுக்கியதற்கு அடையாளம். குலுக்கலுக்கு முன்பே இவையெல்லாம் நடந்துவிட்டதால், பரிசு விழுந்த நேரத்தில் சீட்டு மேஸ்திரியுடையது என்பது வலுவான வாதம். நடத்துனருக்கு வரவேண்டியது சீட்டின் விலை மட்டுமே.

"விலை வரும்வரை கொடுக்க மாட்டேன்" என்று பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை விற்பவருக்கு உண்டே என்று கேட்கலாம். உண்டு; ஆனால் கடனுக்கு விற்றவருக்கு அந்த உரிமை இல்லை. "காசு அப்புறம் தரேன்" என்பதற்கு "சரி மேஸ்திரி" என்று பதில் சொன்னபோதே அவர் அதை விட்டுவிட்டார்.

லாட்டரிச் சீட்டு ஒரு சரக்குதானா என்ற கேள்வியும் உண்டு. இதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே முன்மாதிரியாக இருந்தது. சீட்டு விற்பனைக்கு விற்பனை வரி போட்டதை எதிர்த்து வந்த எச்.அன்ராஜ் வழக்கில், குலுக்கலில் பங்குபெறும் உரிமை என்ற அளவில் சீட்டு சரக்கே என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னது. 2006 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் அந்தக் கருத்தை மாற்றி, சீட்டு என்பது பரிசைக் கோரும் உரிமை மட்டுமே என்றது. இரண்டும் வரி வழக்குகள்தான். இருந்தாலும், 1990-களில் நடக்கும் கதையில் மேஸ்திரியின் வழக்கறிஞர் முதல் தீர்ப்பைத் தயங்காமல் கையில் எடுப்பார். 2006-க்குப் பின் அதே வாதம் இவ்வளவு எளிதாக நிற்காது.

விழாத சீட்டுக்குக் காசு கொடுத்தவர் யார்?

நான் இந்த வழக்கை நடத்துவதாக இருந்தால், கனவைப் பற்றியோ 10 லட்சத்தைப் பற்றியோ முதலில் கேட்க மாட்டேன். இதற்கு முந்தைய வாரங்களில் என்ன நடந்தது என்றே கேட்பேன். மேஸ்திரி வாடிக்கையாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பும் அவர் வராத நாட்களில் நடத்துனர் அவருக்காகச் சீட்டு எடுத்து வைத்தாரா? குலுக்கல் முடிந்து அதில் ஒன்றும் விழாதபோது, மறுநாள் பேருந்தில் ஏறிய மேஸ்திரி அந்தச் செத்த சீட்டுக்கு விலையைக் கொடுத்தாரா?

கொடுத்திருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஏனென்றால் பொருளின் நட்டம் அதன் உரிமையாளரைச் சேரும் என்பது அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு. எடுத்து வைத்த சீட்டு விழாமல் போனபோதெல்லாம் நட்டத்தை மேஸ்திரி ஏற்றிருந்தால், அவை எடுத்து வைத்த நொடியிலிருந்தே அவருடையவை என்று இருவரும் நடந்துகொண்டிருக்கிறார்கள். நட்டம் வந்தபோது மேஸ்திரியின் சீட்டு, இலாபம் வந்தபோது என் சீட்டு என்று நடத்துனர் சொல்ல முடியாது. மாறாக, மேஸ்திரி வராத நாட்களில் அந்தச் சீட்டை வேறு பயணிக்கு விற்றுவிடுவது வழக்கமாக இருந்தாலோ, விழாத சீட்டின் விலையை நடத்துனரே ஏற்றுக்கொண்டிருந்தாலோ, "எடுத்து வை" என்பது வெறும் முன்னுரிமைக் கோரிக்கையாகிவிடும். அப்போது நீங்கள் எழுதிய வாக்கியம் சரியாகிவிடுகிறது. கடையில் காசு கொடுத்து வாங்கி விற்பவருக்கு, விற்காத சீட்டு அவர் தலையிலேயே விழும். விழுந்த பரிசும் அவருடையதே.

இதைக் கதைக்குள் கொண்டுவருவது எளிது. மேஸ்திரி முன்பு ஒருநாள் பேருந்தில் ஏறியதும், சில்லறையை நீட்டி, "நேத்து வெச்சிருந்தியே, அதுக்கு" என்கிறார். "ஒண்ணும் விழலியே மேஸ்திரி" என்று நடத்துனர் வாங்கத் தயங்குகிறார். "விழலைன்னா உன் தலையிலயா கட்டறது?" என்று அவர் கையில் திணித்துவிட்டு உட்காருகிறார். கதையின் முற்பகுதியில் இந்தப் பேச்சு இருந்தால், பின்னால் அந்தச் சீட்டு யாருடையது என்பதை வாசகர் எந்தச் சட்டப் பிரிவும் தெரியாமலேயே உணர்ந்துகொள்வார். நடத்துனரும் உணர்ந்துகொள்வார். அதன் பிறகு ஓர் இரவு முழுக்க அவர் தூங்காமல் கிடந்தால், அதற்குக் காரணம் இருக்கும்.

இதை நிகழவே முடியாத பெருந்தன்மை என்று உங்கள் வாசகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற கவலை வேண்டாம். 2021-ல் கேரளத்தில் ஆலுவா பகுதியில் சீட்டு விற்கும் ஒரு பெண்ணிடம், வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் எண்ணைச் சொல்லி, காசு பிறகு தருவதாக எடுத்து வைக்கச் சொன்னார். அந்தச் சீட்டுக்கு 6 கோடி ரூபாய் விழுந்தது. அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, தமக்கு வரவேண்டிய 200 ரூபாயை வாங்கிக்கொண்டார். நாடே அவருடைய நேர்மையைப் பாராட்டியது, அது தகும். ஆனாலும் அவர் மறுத்திருந்தால் அந்த வாடிக்கையாளர் வெறுங்கையோடு நின்றிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மேஸ்திரியின் ஒரு சொல் மாறினால்

மேஸ்திரியின் பேச்சில் இன்னொரு வாசலும் இருக்கிறது. "வந்தா எடுத்து வெச்சுடு" என்பது, உன்னிடம் உள்ளவற்றில் ஒன்றை எனக்கு விற்று வை என்ற பொருள் தருகிறது. "கடையில தேடி வாங்கியாந்து குடு" என்று அவர் சொல்லியிருந்தால், நடத்துனர் விற்பவர் என்ற நிலையிலிருந்து மாறி, மேஸ்திரிக்காக வாங்கச் சென்ற முகவர் ஆகிவிடுகிறார். முகவர் உறவு உருவாவதற்குப் பிரதிபலன் எதுவும் தேவையில்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்வதால், காசு கொடுக்கவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. முதலாளிக்காக வாங்கியதை முகவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் முடியாது. நடத்துனர் பக்கம் கொஞ்சம் நியாயம் மிஞ்ச வேண்டுமென்று விரும்பினால், இப்போதுள்ள சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெளிவின்மை கதைக்கு நல்லது.

பாதிப் பாதி என்ற தீர்ப்பு

உங்கள் தோழி சொல்வது பஞ்சாயத்துத் தீர்ப்பு. உரிமை இயல் நீதிமன்றம் அப்படிப் பிரிப்பதில்லை. சீட்டு யாருடையது என்று உறுதி செய்து தரும்படி மேஸ்திரி கேட்க வேண்டும். சாட்சியம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு முழுப் பரிசும் போகும். நிரூபிக்கும் பாரம் மேஸ்திரி மீது. ஓடும் பேருந்தில் பேசிய பேச்சுக்குச் சாட்சி, பக்கத்தில் நின்ற பயணிகள்தான். இருவரும் சமரசமாகிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள மனு கொடுத்தால் நீதிமன்றம் அதைப் பதிவு செய்து ஆணையாக்கும். அப்போதும் பிரித்தவர்கள் அவர்களே. தோழியின் முடிவை எடுத்தால், நீதிபதியை விட்டுவிட்டு, நீதிமன்ற வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு வழக்கறிஞர்களும் அதைப் பேசி முடிப்பதாக எழுதுங்கள்.

லாட்டரி என்பது சூதாட்டம், சூதாட்ட ஒப்பந்தத்துக்கு வழக்குச் செல்லாது என்று நடத்துனரின் வழக்கறிஞர் ஒரு தடை எழுப்புவார். ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அரசு நடத்தும் லாட்டரியும் சூதாட்டமே என்று 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கூறியிருக்கிறது. ஆனால் மேஸ்திரி பந்தயப் பணத்தைக் கேட்கவில்லை, தன் சீட்டைக் கேட்கிறார். பந்தய ஒப்பந்தம் செல்லாததே தவிரச் சட்டவிரோதமானது அல்ல என்றும், அதனால் அதையொட்டிய துணை ஒப்பந்தங்கள் கெட்டுவிடுவதில்லை என்றும் கெருலால் பரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-ல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பனை சட்டப்படி நடந்த காலத்தில் இந்தத் தடை பெரிதாக நிற்காது.

நிஜ வழக்கில் மேஸ்திரியைத் தோற்கடிப்பது பெரும்பாலும் நாட்காட்டிதான். பரிசுக்கு உரிமை கோரக் குறிப்பிட்ட காலம் உண்டு. அதற்குள் கோராத பணம் அரசுக்குப் போய்விடும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. யார் பெரியவர் என்று இருவரும் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் பரிசு இருவருக்கும் இல்லாமல் போகும். விவரம் தெரிந்த வழக்கறிஞர், சீட்டைக் காலக்கெடுவுக்குள் சமர்ப்பிக்கவும், பணத்தை எவருக்கும் கொடுக்காமல் நீதிமன்றத்தில் கட்டவும் இடைக்கால உத்தரவு கேட்பார்.

கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவரும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால், ஒரு எச்சரிக்கை. இப்போது நம் பகுதியில் மறைவாக நடப்பது பெரும்பாலும் மூன்று நம்பர் லாட்டரி. வெளிமாநிலக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து, வெள்ளைத்தாளில் எண் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கும் தொழில் அது. கனவில் வந்த எண்ணை அப்படியே வாங்குவது அங்கேதான் முடியும். ஆனால் அங்கே சீட்டே கிடையாது, அதன் பின்னால் எந்த அரசும் கிடையாது. எழுதிக் கொடுத்தவர் தராவிட்டால் கேட்க வழியில்லை. காவல்துறை வந்தால் அந்தத் துண்டுத்தாளே குற்றத்தின் சான்று. யாருடைய சீட்டு என்ற உங்கள் கேள்வி அங்கே எழாது.

தனியார் பேருந்தைத் தேர்ந்தெடுத்தது நல்லது. அரசுப் பேருந்து நடத்துனரின் பணப்பையைப் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வே பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்; டிக்கெட் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தாலும் குற்றச்சாட்டுதான். சீட்டு விற்ற காசு அந்தப் பையில் கலந்திருந்தால் கதை மூன்றாம் பக்கத்திலேயே ஒழுங்கு நடவடிக்கையில் முடிந்திருக்கும். தனியார் முதலாளி கண்டுகொள்ளாமல் விட்டார் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். மேஸ்திரியின் வீட்டில் நடத்துனர் சீட்டின் பின்பக்கம் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, "இது உங்களுக்கு" என்று நீட்டுவதாக எழுதியிருந்தால் அதை மாற்றுங்கள். பின்பக்கத்தில் யாருடைய பெயரும் கையெழுத்தும் இருக்கிறதோ அவரையே பரிசுத் துறை உரியவராகக் கொள்ளும். அப்படி எழுதிவிட்டால் பணம் நடத்துனர் பெயருக்கே வரும், வருமான வரியும் அவர் கணக்கிலேயே பிடிக்கப்படும், பிறகு அவர் அதை மேஸ்திரிக்குக் கொடுத்ததை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். சீட்டின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். பேனாவை மட்டும் நடத்துனர் எடுத்துக் கொடுக்கட்டும். பெயரை மேஸ்திரி எழுதட்டும்.